வேலை கொடுத்த பார்ட்டிக்காக நாம் செய்த செலவை பில்லில் எப்படிக் காட்டுவது

"அண்ணா, கோத்தகிரியில் ஷூட்டிங் யூனிட்டுகளுக்கு லோக்கல் ஏற்பாடு செய்து கொடுக்கிறேன், ஜிஎஸ்டி எடுத்திருக்கிறேன். பெங்களூர் விளம்பரப் படக் கம்பெனி ஒன்றிடம் போனில், 'செலவு ஆனது ஆனபடி, அதுக்கு மேல 10 சதவீதம் ஹேண்ட்லிங், என் சம்பளம் தனி' என்று பேசி முடித்து, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே தொகையாக பில் போட்டேன். ரசீது இல்லை, பிரித்துப் போடுங்கள் என்று அக்கவுண்ட்ஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜீப்காரர்களும் கூலியாட்களும் பில் தரமாட்டார்கள். மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடணுமா? எப்படிப் பிரிப்பது?"

மொத்தத்துக்கும் போட வேண்டியதில்லை, தம்பி. ஆனால் "இது செலவு, இது என் பணம்" என்று பில்லில் இரண்டு வரி எழுதிவிட்டால் மட்டும் செலவுக்கு ஜிஎஸ்டி இல்லாமல் போய்விடாது. ஜிஎஸ்டி விதிகளில் 33ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. அதில் 'ப்யூர் ஏஜென்ட்' என்று ஒரு நிலையைச் சொல்கிறார்கள். பார்ட்டி சொல்லி, பார்ட்டிக்காக, அவர்கள் சார்பில் இன்னொருவருக்கு நீங்கள் பணம் கொடுத்திருக்க வேண்டும், அந்தப் பொருளோ சேவையோ உங்களுக்குச் சொந்தமாகவோ உங்கள் உபயோகத்துக்காகவோ இருக்கக் கூடாது, கொடுத்த தொகையை அப்படியே, ஒரு ரூபாய் கூட்டாமல் வாங்க வேண்டும், அதை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும், உங்கள் சொந்த வேலை அதற்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால்தான் அந்தத் தொகை உங்கள் பில்லின் மதிப்பில் சேராது. ஒன்று பிசகினாலும் செலவும் சேர்ந்து உங்கள் விற்பனை ஆகிவிடும், 18 சதவீதம் அதற்கும் வந்துவிடும்.

அதனால் பில்லைப் பிரிப்பதற்கு முன்னால் செலவைப் பிரியுங்கள். பலர் குழம்புவது இங்கேதான். யூனிட் தங்கிய ரூம், யூனிட்டை ஏற்றிக்கொண்டு போன ஜீப், எஸ்டேட்டுக்குக் கொடுத்த இடக் கட்டணம், இதெல்லாம் அவர்கள் செலவு. லொகேஷன் பார்க்க நீங்கள் முந்தின வாரம் கொடநாடு வரை வண்டி ஓட்டிப் போன பெட்ரோல், உங்கள் போன் பில், சாமான் வாங்க மேட்டுப்பாளையம் இறங்கிய பஸ் செலவு, இதெல்லாம் உங்கள் வேலையைச் செய்ய உங்களுக்கு ஆன செலவு. இரண்டுக்குமே ரசீது இருக்கலாம், இரண்டையுமே பார்ட்டி தருவதாக ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் இரண்டாவது வகை ஜிஎஸ்டிக்கு உட்பட்டதுதான், உங்கள் கட்டணத்தோடு சேர்த்து வரி போட்டுத்தான் வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: நான் நடுவில் இல்லாமல் அவர்களே நேராக வந்து ஏற்பாடு செய்திருந்தால் இந்தச் செலவு அவர்களுக்கு இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றால் அவர்கள் செலவு. சாப்பாட்டை இதில் கவனமாகப் பாருங்கள். ஊரில் உள்ள ஒரு மெஸ்ஸில் சொல்லி வரவழைத்து, மெஸ் பில்லையே கொடுத்தால் அது அவர்கள் செலவு. நீங்களே அரிசி பருப்பு வாங்கி, உங்கள் ஆளை வைத்துச் சமைத்துப் போட்டால் அது நீங்கள் நடத்திய கேட்டரிங், மளிகைக்கடை ரசீதைப் பின்னால் குத்தி அனுப்பினாலும் ப்யூர் ஏஜென்ட் கணக்கில் வராது.

அடுத்தது எழுத்து. போனில் பேசியது வாய்ப்பேச்சு. பார்ட்டி உங்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். பெரிய ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம், ஒரு மெயிலும் அதற்கு அவர்கள் "ஓகே" என்று போட்ட பதிலும் போதும். மெயிலில் நான் எழுதச் சொல்வது இப்படி: "கீழ்க்கண்ட செலவுகளை உங்கள் சார்பில், உங்கள் அனுமதியோடு, நான் முன்பணமாகக் கொடுத்து, ஆன தொகையை ஆனபடி ரசீதுடன் திரும்பப் பெறுவேன். இந்த ஏற்பாட்டு வேலைக்காக, ஜிஎஸ்டி நீங்கலான செலவுத் தொகையில் 10 சதவீதம் ஹேண்ட்லிங் சார்ஜ் தனியாக உண்டு, அதற்கும் என் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி சேரும். ஒரே செலவு 10,000 ரூபாயைத் தாண்டினால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வேன்." இதில் "ஜிஎஸ்டி நீங்கலான" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். எதற்கு மேல் 10 சதவீதம் என்று சொல்லாமல் விட்டால் நீங்கள் மொத்தத்தில் போடுவீர்கள், அவர்கள் அடிப்படைத் தொகையில் போடுவார்கள், சில நூறு ரூபாய்க்காக பில் ஒரு மாதம் நிற்கும். அவர்களே ஹோட்டலுக்கு நேராகப் பணம் அனுப்பி, நீங்கள் பேசி மட்டும் வைத்திருந்தால் அதற்கு ஹேண்ட்லிங் உண்டா இல்லையா என்பதையும் அதே மெயிலில் தீர்த்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

இனி ஒரு விஷயம், நம் மலையில் இதைப் பேசாமல் விடவே முடியாது. கமிஷன். ஹோம்ஸ்டேக்காரர் 21,000 ரூபாய்க்கு பில் கொடுப்பார், ஆள் கூட்டி வந்ததற்கு என்று மறுநாள் 2,000 ரூபாய் உங்களுக்கு ஜிபே பண்ணுவார். ஊர் வழக்கம்தான், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் "ஆன தொகையை ஆனபடி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு 21,000 ரூபாய்க்கு ரசீது வைத்தால், உண்மையில் ஆனது 19,000. ப்யூர் ஏஜென்ட் நிபந்தனை அங்கேயே உடைந்துவிட்டது, அதைவிட, பார்ட்டிக்கு ஒரு நாள் தெரியவந்தால் உங்கள் மற்ற ரசீதுகள் எதையும் நம்ப மாட்டார்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒன்றை வெளிப்படையாகக் கேட்டு வாங்குவதே இந்தக் கமிஷனுக்குப் பதிலாகத்தான். இரண்டையும் வாங்குவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஹோம்ஸ்டேக்காரரிடம் "எனக்குத் தர வேண்டாம், பில்லிலேயே குறைத்துப் போடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அந்த 19,000 ரூபாய் பில்லைப் பார்த்துத்தான் பார்ட்டி அடுத்த முறையும் உங்களைக் கூப்பிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் வேலையைப் போலவே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 3 நாள் ஷூட்டிங். ஹோம்ஸ்டே 20,000, அதற்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 1,000, ஆக 21,000. ஜெனரேட்டர் வாடகை 15,000, 18 சதவீதம் 2,700, ஆக 17,700. எஸ்டேட் இடக் கட்டணம் 25,000, ஜீப் இரண்டு, ஆளுக்கு 9,000 வீதம் 18,000, மெஸ் சாப்பாடு 14,400, சாமான் தூக்கிய கூலி 6,400. எஸ்டேட், ஜீப், மெஸ், கூலி நான்கும் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1,02,500. இதில் ஜிஎஸ்டி மட்டும் 3,700, அதைக் கழித்தால் 98,800. ஹேண்ட்லிங் 10 சதவீதம் 9,880. உங்கள் கட்டணம் 24,000 என்று இருக்கட்டும். பில் இப்படி வரும்:

ஒருங்கிணைப்புக் கட்டணம் 24,000.00
ஹேண்ட்லிங் சார்ஜ் (98,800இல் 10%) 9,880.00
வரிக்குரிய தொகை 33,880.00
ஐஜிஎஸ்டி 18% 6,098.40
உங்கள் சார்பில் செலுத்தியது, இணைப்புப் பட்டியல்படி 1,02,500.00
மொத்தம் 1,42,478.40

பார்ட்டி கர்நாடகம் என்பதால் ஐஜிஎஸ்டி. சென்னைக் கம்பெனியாக இருந்தால் அதே 18 சதவீதம் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று 9, 9 ஆகப் பிரியும். நீங்கள் போட்டது மாதிரி எல்லாவற்றையும் ஒரே தொகையாக்கினால் 1,36,380க்கும் வரி, அதாவது 18,450 ரூபாய் கூடுதல். ஹேண்ட்லிங் சார்ஜை மட்டும் எக்காரணம் கொண்டும் செலவுத் தொகைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். ஜீப்புக்கு 18,000 கொடுத்துவிட்டு பட்டியலில் 19,800 என்று எழுதினால், கூடுதலாக வந்த 1,800 ரூபாய்க்கு மட்டும் வரி என்று நிற்காது, அந்த 19,800மே உங்கள் விற்பனை ஆகிவிடும்.

ஜெனரேட்டர் பில்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த 2,700 ரூபாய் வரியை பெங்களூர் கம்பெனி இன்புட்டாக எடுக்கலாம், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பில் அவர்கள் பெயரில், அவர்கள் ஜிஎஸ்டி எண்ணோடு இருந்தால்தான். வாடகைக்கு விடுபவர் பழக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிடுவார், போனில் உங்களைத்தானே அவருக்குத் தெரியும். முன்பணம் கொடுக்கும்போதே கம்பெனி பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, பில் அந்தப் பெயரில் வந்ததா என்று வண்டி இறங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள். உங்கள் பெயரில் பில் வந்தாலே ப்யூர் ஏஜென்ட் இல்லை என்று விதி சொல்லவில்லை, ஆனால் பெயர் அவர்களுடையதாக இருந்தால் நிரூபிப்பது எளிது, வரியும் வீணாகாது. எஸ்டேட், மெஸ் ரசீதுகளிலும் "இன்ன கம்பெனிக்காக" என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

ஜீப்காரரும் கூலியாட்களும் பில் தரமாட்டார்கள் என்கிறீர்கள், தரத் தேவையில்லை. வவுச்சரை நீங்கள் எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினால் போதும். ஒரு வெள்ளைத்தாளில், மேலே கம்பெனி பெயர், வவுச்சர் எண் 4, தேதி. கீழே ஓட்டுநர் பெயர், போன் நம்பர், TN 43 என்று தொடங்கும் வண்டி நம்பர் முழுதாக, "அரவேணுவிலிருந்து எஸ்டேட், திரும்பவும், 3 நாள், நாளுக்கு 3,000, மொத்தம் 9,000" என்று எங்கிருந்து எங்கே என்பதோடு, எண்ணிலும் எழுத்திலும் தொகை. 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயில் போட்டு, அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் பின்னால் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அது பணம் போனதைத்தான் காட்டும், எதற்காகப் போனது என்று காட்டாது, அக்கவுண்ட்ஸில் திருப்பி அனுப்புவதும் அதனால்தான். கூலிக்கு ஆளுக்கொரு தாள் வேண்டாம், ஒரே தாளில் பெயர், நாள், தொகை, கையெழுத்து என்று வரிசையாக வாங்கலாம். வேலை நடக்கிற இடத்திலேயே வாங்கிவிடுங்கள், யூனிட் இறங்கிப் போன பிறகு ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பெட்ரோல் பங்க்கிலும் ஹோட்டலிலும் மிஷினில் வருகிற வழவழப்பான சீட்டு சீக்கிரம் வெளுத்துப் போகும், நம் ஊர் ஈரத்தில் சட்டைப் பையில் இருந்தால் இன்னும் மோசம். வாங்கிய உடனே போனில் படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் 1, 2, 3 என்று எண் போட்டு, இணைப்புப் பட்டியலில் அதே எண்ணில், அதே வரிசையில் எழுதி, ஒரே பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். பெங்களூரில் உட்கார்ந்திருக்கிற பெண் பட்டியலின் 4ஆவது வரியைப் படித்து 4ஆவது தாளைத் திறந்தால் அதே 9,000 இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பில் பாஸ் ஆகிவிடும்.

ரசீதே வாங்க முடியாத சில்லறை உண்டு, டீ, பார்க்கிங், தண்ணீர் கேன் மாதிரி. "இதர செலவு 2,000" என்று உத்தேசமாகப் போட்டால் அது ஆன தொகை இல்லை, உத்தேசம். அதை உங்கள் கட்டணத்தோடு சேர்த்து வரி போட்டு வாங்குங்கள். இ-பாஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே மாதம் முதல் வேண்டியிருக்கிறது, அதற்குக் கட்டணம் கிடையாது. "இ-பாஸ் செலவு" என்று யாராவது 200 ரூபாய் வாங்கியிருந்தால் அதைப் பார்ட்டி தலையில் கட்டாதீர்கள்.

டிடிஎஸ்ஸுக்காகவும் பிரிப்பது முக்கியம். உங்கள் வேலையைத் தொழில்முறைக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டு 10 சதவீதம் பிடிக்கிற கம்பெனியும் உண்டு, ஒப்பந்த வேலை என்று தனிநபருக்கு 1 சதவீதம் பிடிக்கிற கம்பெனியும் உண்டு. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன் மேல் பிடிக்க மாட்டார்கள். ஆனால் செலவும் கட்டணமும் ஒரே பில்லில் இருந்தால் செலவையும் சேர்த்துப் பிடிப்பது பல அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்களின் வழக்கம், 1995இல் வருமான வரித்துறை விட்ட 715ஆம் எண் சுற்றறிக்கை, பில் தொகையிலிருந்து ரீஇம்பர்ஸ்மென்ட்டைக் கழிக்க முடியாது என்று சொல்வதுதான் அவர்கள் பிடிமானம். 10 சதவீதம் பிடித்தால் 33,880க்கு 3,388 போக வேண்டிய இடத்தில், 1,36,380க்கு 13,638 போகும். கூடுதலாகப் போன 10,250 ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்தான், ஆனால் உங்கள் ஹேண்ட்லிங் முழுதும் அதுவரை மாட்டிக்கொள்ளும், டிடிஎஸ் விவரம் காட்டுகிற 26ஏஎஸ்ஸில் உங்கள் வருமானம் போல் 1,36,380 தெரியும். அதனால் பல இடங்களில் இரண்டு காகிதமாகப் போடுகிறார்கள். கட்டணத்துக்கும் ஹேண்ட்லிங்குக்கும் வரி இன்வாய்ஸ். செலவுக்கு "ரீஇம்பர்ஸ்மென்ட் கோரிக்கை" என்று தனி எண், தனித் தாள், அதற்குத்தான் ரசீதுகள் எல்லாம் இணைப்பு. தனித் தாளாக வந்த ஆன செலவுக்கு டிடிஎஸ் வேண்டியதில்லை என்று தீர்ப்புகள் இருக்கின்றன, ஆனால் விதி 33 இன்வாய்ஸிலேயே அந்தத் தொகை தனியாகத் தெரிய வேண்டும் என்கிறது. இரண்டையும் சமாளிக்க, இன்வாய்ஸின் அடியில் "உங்கள் சார்பில் செலுத்தியது 1,02,500, கோரிக்கை எண் இன்னது, தனியே பெறப்படும்" என்று ஒரு வரி போட்டு, அந்தத் தொகையை இன்வாய்ஸ் மொத்தத்தில் கூட்டாமல் விடுங்கள். அவர்கள் எந்த முறையை ஏற்பார்கள் என்று அடுத்த வேலைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்குப் புத்தகத்திலும் இந்த 1,02,500 வரவிலும் வரக் கூடாது, செலவிலும் வரக் கூடாது. பார்ட்டியிடம் வர வேண்டிய பாக்கி என்று தனித் தலைப்பில் வைத்து, பணம் வந்ததும் நேர் செய்துவிடுங்கள். ஜெனரேட்டர் வரியை உங்கள் இன்புட்டாக எடுத்துவிடவும் கூடாது. ஜிஎஸ்டி எடுக்காத நண்பர்கள் படித்தால் அவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: சேவை மட்டும் செய்பவருக்கு வெளிமாநிலப் பார்ட்டியாக இருந்தாலும் ஆண்டுக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை, ஆனால் பார்ட்டி செலவையெல்லாம் தன் பில்லில் கலந்து போட்டால் 6, 7 லட்சம்தான் சம்பாதித்தவர்கூட அந்த 20 லட்சத்தைத் தாண்டியவராகத் தெரிவார்.

இப்போது கையில் இருக்கிற பில்லை என்ன செய்வது? அந்த மாத ஜிஎஸ்டிஆர்-1 இன்னும் போடவில்லை என்றால் அந்த இன்வாய்ஸை ரத்து என்று குறித்து வைத்துக்கொண்டு புதிய எண்ணில் போடுங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் கொடுத்து, பிறகு புதிய இன்வாய்ஸ். ஆனால் அதற்கு முன், போனில் பேசியதை அப்படியே எழுதி, "இன்ன தேதியில் பேசியபடி இந்தச் செலவுகளை உங்கள் சார்பில் செய்ய ஒப்புக்கொண்டது சரிதானே" என்று இன்றைய தேதியிலேயே மெயில் போட்டுப் பதில் வாங்குங்கள். பழைய தேதி போட்டு ஒப்பந்தம் தயாரிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஜீப்காரர்களிடமும் கூலியாட்களிடமும் போய் வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள், பணம் கொடுத்த தேதியையும் கையெழுத்து வாங்கிய தேதியையும் உள்ளபடி எழுதுங்கள். மெயிலுக்குப் பதில் வராவிட்டால், அல்லது ஏதாவது ஒரு செலவுக்கு வவுச்சர் கிடைக்காவிட்டால், அந்தத் தொகையை உங்கள் கட்டணத்தோடு சேர்த்து 18 சதவீதம் போட்டுவிடுங்கள். முறையாக ஜிஎஸ்டி கட்டுகிற கம்பெனி அதைப் பெரும்பாலும் இன்புட்டாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் போடாமல் விட்டு, பின்னால் துறை கேட்டால் அந்த வரியும் வட்டியும் உங்கள் கையிலிருந்துதான் போகும், அப்போது பெங்களூரில் கேட்டு வாங்க முடியாது.